இரண்டு பி

நிக்கொலஸ் அந்தத் துண்டுக் கடதாசியை மூன்றாவது தடவையாக வாசித்தான். மச்சான் டிலக்‌ஷன் முந்தின நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, தன் அக்கா டிலுக்ஷி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே மேசையில் வைத்து எழுதிக் கொடுத்தது. கேட்டில் காட்டுவதற்கு மூன்று வரி.

லொறி NW PX 4417.
3ஆம் ஒழுங்கை.
செட் பி 14.

இதில் பிழைவிட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதனால்தான் நிக்கொலஸ் காலை ஏழு பத்துக்கே கைத்தொழில் பேட்டைக்குள் வந்து, மூன்றாம் ஒழுங்கையைத் தேடிப்பிடித்து, பி 14 என்று பெரிதாக மை பூசிய தகரக் கதவுக்கு முன்னால் தன் சின்னப் பட்டா லொறியை நிறுத்தியிருந்தான். கதவில் ஆமைப் பூட்டு. சுற்றிவர ஒரு மனிசக்குஞ்சு இல்லை. பின்னால் றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிகளில் முந்தல் ரஸாக் நானாவின் பண்ணை இறால், ஐஸுக்குள்ளே நானூறு கிலோ.

எட்டு மணிக்குள் அது இறங்க வேண்டும். இறால் பதனிடும் கம்பனி சின்ன லொறிகளுக்கு எட்டு மணியோடு கதவைச் சாத்திவிடும். அதற்குப் பிறகு பெரிய லொறிகள். தினமும் பண்ணைகளைச் சுற்றி இறால் ஏற்றிவர நிரந்தரமாக ஒரு சின்ன லொறி வேண்டுமாம் அவர்களுக்கு. ஒன்றே ஒன்று. இன்றைக்கு ஒழுங்காக நேரத்துக்கு வந்தால் அந்த ஓட்டம் நிக்கொலஸுக்கு. கடலில் ஒன்றுமில்லை என்று படகையும் இஞ்சினையும் விற்றுவிட்டுத்தான் அவன் இந்த லொறியை எடுத்தான். எடுத்த நாளிலிருந்து ஒரு நாள் ஓட்டம், மூன்று நாள் வாசலில் நிற்பாட்டு. லொறிக்கு நிழல் வேண்டுமென்று முருங்கையை வெட்டியதுதான் மிச்சம் என்று மனைவி டிலுக்ஷி வாய்க்கு வாய் சொல்லிக் காட்டுவாள். பொய்யில்லையே, அவளைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த ஓட்டத்தைப் பற்றித் தகவல் கொண்டுவந்ததே டிலக்‌ஷன்தான். யாரோ ஒருவருடைய தென்னந்தோட்டத்தில் சம்பளத்துக்கு லொறி ஓட்டுகிறவன். அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கப் பழக்கியது நிக்கொலஸ். லைசன்ஸ் எடுக்கப் புத்தளம் வரை மூன்று தரம் கூட்டிப்போனதும் நிக்கொலஸ். அப்படிப்பட்ட மச்சான் எழுதிக் கொடுத்த கடதாசியை யாராவது சந்தேகப்படுவார்களா?

ஏழே காலுக்கு அவனுக்குப் போன் எடுத்தான்.

"டேய், இஞ்ச பூட்டிக் கிடக்கு. ஒரு மனிசரும் இல்ல."

"பி பதினாலு தானே அத்தான்? மூண்டாம் ஒழுங்கை?"

"ஓம், அதுக்கு முன்னாலதான் நிக்கிறன்."

"அப்ப சரிதான். அது பின்னால வேலை நடக்கும், முன்கதவ ஏழே முக்காலுக்குத்தான் திறப்பாங்க. எங்கயும் போயிடாதீங்க, அதிலேயே நில்லுங்க."

"ஒருக்கா அவங்கட நம்பரத் தாவன், நான் கேக்கிறன்."

"உள்ளுக்கு வேல செய்யிறவங்கட போனெல்லாம் வாசலிலேயே வாங்கி வச்சிருவாங்க அத்தான். எடுத்தாலும் தூக்க மாட்டாங்க. நான் சொல்றன்தானே, நில்லுங்க."

நின்றான். லொறியின் பின்தட்டிக்குள் கையை விட்டு ஐஸைத் தொட்டுப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. காற்சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்து ஒரு பத்து மணி உருட்டிச் செபம் சொன்னான். சொல்லும்போதே ஒன்று உறுத்தியது: மூக்கில் இறால் மணம் இல்லை. இறால் கம்பனி என்றால் அரை மைலுக்கு முன்னாலேயே மணக்குமே. இங்கே மணந்தது ஊறிய தேங்காய் மட்டை. மண்டு மண்டு என்று இப்போது அவன் தன்னையே திட்டுகிறான். அப்போது திட்டவில்லை. மச்சான் நில் என்றான், நின்றான்.

ஏழு நாற்பதுக்கு மறுபடி எடுத்தான். மணி போனது, யாரும் தூக்கவில்லை. இன்னுமொருக்கா எடுத்தான். இப்போது மணியே போகவில்லை.

ஏழு ஐம்பதுக்கு ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து, திறப்புக் கோர்வையோடு இறங்கினாள். ரம்ஸியா என்று கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. லொறியையும் அதிலிருந்து சொட்டிய தண்ணியையும் பார்த்தாள். கேட்காமலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"றாலா? யா அல்லாஹ், இன்னொரு ஆளா! இது தும்புக் கம்பனி நானா. றால் புதுப் பக்கம்."

"இது பி பதினாலு தானே?"

"ஓம், இது B பதினாலு. அது P பதினாலு." இரண்டையும் வாயைத் திறந்து மூடி நன்றாக அழுத்திச் சொன்னாள். "பழைய பக்கத்துல A, B, C எண்டு வச்சாங்க. சண்டை முடிஞ்ச பொறகு களப்புப் பக்கமா புதுசாக் கட்டினதுக்கெல்லாம் P. அங்கயும் ஒண்டாம் ஒழுங்க, ரெண்டாம் ஒழுங்க எண்டு முதல்ல இருந்து தொடங்கிட்டாங்க. யார கேக்க? தமிழ்ல எழுதினா ரெண்டும் 'பி' தானே. மாசத்துக்கு ரெண்டு பேராவது இஞ்ச வந்து நிப்பாங்க."

"இதுக்குள்ளால போக வழி இருக்கா?"

"நடுவுல மதில். வந்த வழியே போய், மெயின் ரோட்டால ரயில் கடவையைத் தாண்டி, இடப்பக்கம் திரும்புங்க. அங்க வேற கேட். கெதியாப் போங்க நானா!"

நிக்கொலஸ் லொறியைத் திருப்பினான். அந்த நிமிடத்திலும் அவனுக்குக் கோபம் வரவில்லை. பாவம், பொடியன் தமிழில் எழுதி வைத்துவிட்டான், அவனுக்கு எங்கே தெரியும் இந்தக் கூத்து, என்றுதான் நினைத்தான். இரவைக்கு இதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கொல்ல வேண்டும் என்று சிரிப்புக்கூட வந்தது. கர்த்தரே, மனிசன் எவ்வளவு நல்லவனாக இருந்துவிடுகிறான் சில நேரம்!

பழைய கேட்டில் காவலாளி கொப்பியை நீட்டி வெளியே போகும் நேரத்தை எழுதச் சொன்னான். எழுதினான். ரயில் கடவைக்கு வந்தால் கம்பம் கீழே. புத்தளம் ரயில் ஆடி அசைந்து போய் முடிவதற்குள் எட்டுப் பத்தாகிவிட்டது. புதுக் கேட்டை எட்டு இருபதுக்குப் பிடித்தான். இப்போது இறால் மணந்தது, மூக்கைப் பொத்தும் அளவுக்கு.

புதுக் கேட்டில் அன்ரனி என்ற வயதான காவலாளி இருந்தார். அவரும் கொப்பியை நீட்டினார். "தம்பி, லொறி நம்பர், வந்த நேரம், செட் நம்பர்."

நிக்கொலஸ் பேனையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மேலே நாலைந்து வரி தள்ளி இருந்த ஒன்றில் கண் விழுந்தது. ஏழு முப்பத்தைந்து. ஒரு சின்ன லொறி நம்பர். P 14. இறால். பெயர்: டிலக்‌ஷன்.

அந்த எழுத்து அவனுக்குத் தெரியும். குறுக்கே ஒரு கோடு போட்டு எழுதும் அந்த ஏழும் தெரியும். பேனை கையிலேயே நின்றது.

"என்ன தம்பி, எழுதுங்கவன். பின்னால லொறி நிக்குது."

எழுதினான். எப்படி எழுதினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

செட்டுக்கு முன்னால் வெள்ளைச் சப்பாத்தும் தலைக்கு வலையுமாகக் குணேஸ்வரி மிஸ் நின்றார். இறக்கும் இடத்துக்குப் பொறுப்பு அவர்தான். ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லி இறாலுக்குள் கம்பி போன்ற வெப்பமானியைக் குத்திப் பார்த்தார்.

"ரெண்டு பாகை. நல்லா ஐஸ் போட்டிருக்கிறீங்க. ரஸாக்கிட றால் தானே, பெரிய லொறிகளுக்கு இடையில இறக்கி எடுக்கிறன். அது வீணாப் போகாது."

"மிஸ், அந்த ஓட்டம்…"

"உங்கட லொறி பழுது, நீங்க வரமாட்டீங்க எண்டு சொன்னாங்களே?" அவர் முகத்தில் உண்மையாகவே குழப்பம். "அப்பிடிச் சொன்னவர் உங்கட மச்சானாம், தன்ட லொறியில வேற பண்ணை றால் ஏத்திக்கொண்டு வந்தவர். நேரத்துக்கு வந்தார். நான் அவர்ட பேரக் குடுத்திட்டன் அண்ணை. மேலிடத்துக்குப் போயிட்டுது. இனி என்னால மாத்த ஏலாது."

தன்ட லொறியாம்! லொறி எடுத்ததை நாய்ப்பயல் வாய் திறந்து சொல்லவில்லை. நேற்று அக்காவின் கையால் தேத்தண்ணி குடித்தபோது சொல்லவில்லை. போகும்போது அக்காவின் மகளைக் கன்னத்தில் கிள்ளிவிட்டுப் போனானே, அப்போதும் சொல்லவில்லை. நிக்கொலஸுக்கு நெஞ்சு எரிந்தது. ஓட்டம் போனது ஒரு பக்கம். அந்த "நில்லுங்க, எங்கயும் போயிடாதீங்க" தான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. கேட் கொப்பியில் ஏழு முப்பத்தைந்து. போனில் அவன் பேசியது ஏழே கால். அப்படியென்றால் இந்த ரோட்டில் வந்துகொண்டிருந்தபடியேதான் பேசியிருக்கிறான்.

செட்டின் பக்கவாட்டில் டிலக்‌ஷன் குழாயைப் பிடித்து லொறித் தட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நிக்கொலஸைக் கண்டதும் ஒரு கணம் முகம் கறுத்தது. உடனே சிரிப்பைப் பூசிக்கொண்டான்.

"ஐயோ அத்தான், நீங்க அந்தப் பக்கமா போனீங்க? நான் இந்தப் பி தானே சொன்னன். நீங்க பிந்தப் போறீங்க எண்டு பயந்துதான், கம்பனி கைவிட்டுப் போகக்கூடாதெண்டு நான் ஒரு லொறியப் பிடிச்சுக்கொண்டு வந்தன். ஓட்டம் வீட்டுக்குள்ள தானே அத்தான் கிடக்குது, ஆர் ஓடினா என்ன? தமிழ்ல ஒரே ஒரு பி தானே இருக்கு, நான் என்ன செய்ய?"

நிக்கொலஸ் கடதாசியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"முதல் வரிய வாசி."

"என்ன அத்தான்…"

"வாசிடா!"

"லொறி… NW PX 4417."

"அந்த P-ய இங்கிலீசில எழுதத் தெரிஞ்சிருக்கு உனக்கு. கேட் கொப்பியிலயும் தெரிஞ்சிருக்கு. ரெண்டு வரி கீழ வரேக்க மட்டும் அது எப்பிடியடா தமிழாப் போச்சு?"

டிலக்‌ஷன் குழாயைக் கீழே இறக்கினான். குழாயிலிருந்து தண்ணி அவன் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் மெல்ல, "அக்காட்ட சொல்லாதீங்க அத்தான்," என்றான்.

அடிக்கலாம் போலிருந்தது. அடித்திருந்தால் மனம் ஆறியிருக்குமோ என்னவோ. நிக்கொலஸ் அடிக்கவில்லை. லைசன்ஸ் எடுக்கப் போன அந்த மூன்று பயணமும் கண்ணுக்குள் வந்து நின்றன. மூன்றாவது தரம் பாஸானபோது இவன் தன்னைக் கட்டிப்பிடித்து அழுததும் வந்தது. கண் கலங்குவதை இந்தப் பாவி காணக்கூடாது என்று திரும்பி நடந்தான்.

ஒன்பதரைக்கு ரஸாக் நானாவின் இறால் முழுவதும் இறங்கியது. வெறும் லொறியோடு கேட்டுக்கு வந்தபோது டிலுக்ஷியின் போன் வந்தது.

"போய்ச் சேந்தீங்களா? சரியான இடம் தானே? தம்பி வடிவா எழுதித் தந்தவன் தானே?"

"ஓம்," என்றான் நிக்கொலஸ். "வடிவாத்தான் எழுதினவன். வந்து அந்தக் கடதாசியக் காட்டுறன்."

அன்ரனி கொப்பியை நீட்டினார். வெளியே போகிற நேரம், லொறி நம்பர், செட் நம்பர். நிக்கொலஸ் ஆறுதலாகக் குனிந்து தமிழில் எழுதினான்: பி 14.

அன்ரனி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இதென்ன தம்பி, எந்தப் பி இது? இங்கிலீசில எழுதுங்கவன்."

"பின்னால என்ட மச்சான் வருவான் ஐயா," என்றான் நிக்கொலஸ், கியரைப் போட்டபடி. "அவனிட்ட கேளுங்க. அவனுக்கு ரெண்டும் நல்லாத் தெரியும்."