ஏழாம் ரூட்டின் அறுபது நாள்

நிர்மலாதேவி மேடத்தின் அறையில் ஏசி உண்டு. ஆனால் போடமாட்டார். ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்து ஷெட்டில் ரொட்டி வேகிற வாசனையோடுதான் உட்கார்ந்திருப்பார். சேதராப்பட்டில் இருக்கிற அந்த ரொட்டிக் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். துர்கா அங்கே விற்பனைக் கணக்கை அலசிச் சொல்கிற அனலிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கம்பெனியில் அதற்கு முன் அப்படி ஒரு வேலையே இருந்ததில்லை. அதனால் செக்யூரிட்டி முதல் கணக்குப்பிள்ளை வரைக்கும் அவள் என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சேர்ந்த அன்றே மேடம் சொல்லிவிட்டார். "அறுபது நாள்ல என்ன பண்ணப் போறேன்னு ஒரு பிளான் போட்டு எடுத்துனு வா. முதலாளி அதைப் பாத்துதான் உன்னை நிரந்தரமா வச்சிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாரு."

இன்றைக்கு அந்த நாள். துர்கா லேப்டாப்பை மேஜைமேல் திருப்பி வைத்தாள். வேலை போனால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் இப்போது அவள் சம்பளம் மட்டும்தான்.

"நம்ம பிரச்சினை ரிட்டர்ன், மேடம். கடைக்குப் போட்டு, விக்காம திரும்பி வர்ற ரொட்டி. அதைக் குறைக்கணும். சேர்ந்த நாள்லேர்ந்து முதல் முப்பது நாள் எதையும் மாத்தமாட்டேன். வேன்ல போவேன், கடைக்காரங்களைக் கேப்பேன், நம்ம கணக்குல எதை ரிட்டர்ன்னு எழுதுறாங்கன்னு பாப்பேன். அடுத்த முப்பது நாள் ஒரே ஒரு ரூட்ல மட்டும், ஒவ்வொரு கடைக்கும் போன வாரம் எவ்வளவு வித்துச்சோ அதை வச்சு சரக்கு இறக்குவோம். அறுபதாவது நாள் ரிட்டர்ன் பாதியாயிருக்கும்."

"பாதியா?" மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பதினெட்டு வருஷமா நான் கத்திக் கத்திக் குறையாதது, நீ வேன்ல போனா பாதியாயிடுமா? வேன்ல ஏசிகூட இல்லம்மா."

துர்காவுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் போகவில்லை. "ஒரு ரூட்ல மட்டும்தான் மேடம். ஏழாம் ரூட். இந்த ரெண்டு வாரத்துல ரிட்டர்ன் அங்கதான் ரொம்ப ஜாஸ்தி. ஜாஸ்தியா இருக்கற எடத்துலதான் குறையறதும் நல்லாத் தெரியும்."

திரையில் ஏழாம் ரூட்டின் ரிட்டர்ன் கோடு மலை மாதிரி ஏறி நின்றது. மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் ஒரு ஆசை வந்தது. "பரவால்லியே. முதலாளி மதியம் போன் பண்ணுவாரு. பாதின்னு சொல்லிடலாம். அவருக்கு ஒரு நம்பர் சொன்னாத்தான் காது கேக்கும்." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "ஆமா, திடீர்னு ஏன் ஏறுச்சு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் மேடம் முதல் முப்பது நாள்."

"ஏழாம் ரூட் எந்தெந்த ஊருன்னாவது பாத்தியா?"

கம்ப்யூட்டரில் ரூட்டுக்கு எண்தான் இருந்தது, கடைக்கும் எண்தான் இருந்தது. ஊர் பெயர் வேண்டும் என்று துர்காவுக்குத் தோன்றவே இல்லை.

"என்னம்மா நீ! வீராம்பட்டினம், தேங்காய்த்திட்டு ஹார்பர், அப்புறம் வம்பாகீரப்பாளையம். உனக்குக்கூட அந்தப் பக்கந்தானே?"

வம்பாகீரப்பாளையம் அவள் ஊர். தேங்காய்த்திட்டு ஹார்பரில்தான் அப்பா வேலை செய்கிற விசைப்படகு கட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் பதினைந்தாம் தேதி தொடங்கிய மீன்பிடித் தடை ஜூன் பாதி வரைக்கும் இருக்கும். அப்பா காலையில் எழுந்து, போக இடமில்லாமல், தெருவில் உட்கார்ந்து வலை தைக்கிறார். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் பேசுகிற பேச்சே இதுதான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தபோது அது தன் தெரு என்று அவளுக்குத் தெரியவில்லை.

படகு ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் அரிசியோடு ரொட்டியும் பன்னும் கட்டுக்கட்டாக ஏறும். நாலைந்து நாள் கடலிலேயே கிடக்கிறவர்களுக்கு டீயோடு தொட்டுத் தின்ன அதுதான். இப்போது படகு போகவில்லை. கம்பெனி வேன் மட்டும் பழைய பழக்கத்தில் அதே அளவு இறக்கிவிட்டு வருகிறது. மலை அதனால்தான் ஏறியது. இன்னும் கொஞ்ச நாளில் கடைக்காரர்களே "வேணாம்பா, குறைச்சுப் போடு" என்பார்கள். மலை தானாகவே இறங்கும். அவள் வேலைக்குச் சேர்ந்ததும் தடை தொடங்கியதும் ஒரே வாரம். அறுபதாவது நாள் பார்த்தால் ரிட்டர்ன் பாதிக்கும் கீழே இருக்கும். அவள் வீட்டில் படுத்துத் தூங்கினாலும் இருக்கும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். மேடம் பேனாவால் 'பாதி' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று துர்காவை அரித்தது. அவள் நினைத்தது சரிதானா? போன வருஷமும் இப்படித்தான் ஏறி இறங்கியிருக்குமா?

"மேடம், ஒரு நிமிஷம். போன வருஷத்துதைப் பாக்கலாமா?"

போன வருஷத்துக் கோடு வந்தது. ஏப்ரல் நடுவில் ஒரு மலை. மே கடைசியில் பள்ளம். அதற்கு முந்தின வருஷமும் அதே மலை, அதே பள்ளம். துர்கா தன்னை மறந்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நான் சொன்ன பாதி பொய் மேடம். தடைக்காலத்துல அது தானாக் குறையும். நான் ஒண்ணும் செய்ய வேணாம்."

மேடம் கோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுமே செய்யாமப் பேர் வாங்கற சான்ஸ். எங்க உழவர்கரைல இதுக்கு மாலை போடுவாங்க. நீ எதுக்குடி வேணாங்கற?"

"தடை முடிஞ்சதும் படகெல்லாம் ஒண்ணாக் கிளம்பும் மேடம். நாம போன வார விற்பனையை வச்சுக் குறைச்சே இறக்கிட்டிருந்தா, அப்ப கடையில ரொட்டி இருக்காது. என் பிளான்தான் நல்லாயிருக்குன்னு எல்லா ரூட்லயும் போட்டுட்டா, எது வேலை செஞ்சுது, எது செய்யலைன்னு கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாது."

"ஜூன்ல ஹார்பர் கடைக்காரங்க சரக்கு இல்லன்னு வருஷா வருஷம் போன் பண்ணித் திட்டுவாங்க," என்றார் மேடம் மெதுவாக. "அது ஏன்னு நான் யோசிச்சதேயில்ல. எங்க வீட்ல நெல்லு, எங்களுக்கு மழைதான் கணக்கு." நாற்காலியை இழுத்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "சரி, அப்ப எந்த ரூட்ல பண்ணுவே?"

"கடல் இல்லாத ரூட்ல." மேடம் தன் உழவர்கரைப் பக்கத்து ரூட்டு எண்களைச் சொன்னார்; துர்கா அவற்றின் கோடுகளைத் திறந்தாள். "இங்க பாருங்க. உழவர்கரைப் பக்கம் ரெண்டு ரூட் ஏறக்குறைய ஒரே மாதிரி போவுது. ஒண்ணுல மாத்துவோம், இன்னொண்ணை அப்படியே விடுவோம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் நம்மாலயா, வேற எதாலயான்னு தெரியும். போன வருஷம் இதே நாளையும் சேத்துப் பாக்கணும். எவ்வளவு குறையும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

அதற்குள் போன் அடித்தது. முதலாளி. மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னா நிர்மலா, புதுப் பொண்ணு எவ்வளவு குறைக்குமாம்?"

"தெரியாது சார்."

"தெரியாதா? அதுக்கா சம்பளம்?"

"பாதின்னு எழுதிதான் வச்சிருந்தோம் சார். அது தப்புன்னு அவளே கண்டுபிடிச்சா. எப்படி அளந்தா நிஜம் தெரியும்னு பிளான் இருக்கு. ஹார்பர் ரூட்டுக்கு ஜூன்ல சரக்கு கூட்டறதும் இருக்கு."

துர்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்பர் இல்லாம நான் நிரந்தரம் பண்ணமாட்டேன்," என்றார் முதலாளி. "அறுபது நாள் முடியட்டும். நம்பர் வரட்டும். அப்புறம் பேசலாம்." போன் வைக்கப்பட்டது.

மேடம் பேனாவால் 'பாதி'யை அடித்தார். துர்காவைப் பார்த்தார். "போச்சா?"

"போகல மேடம். தள்ளிப் போயிருக்கு."

"உழவர்கரை வேன் விடியக்காலம் கிளம்பும். முன்னாடி சீட்டு டிரைவர் கொடுக்கமாட்டான், ட்ரேக்கு நடுவுலதான் உக்காரணும்."

"அங்க ரொட்டி யார் வாங்கறாங்க மேடம்?" என்றாள் துர்கா. "ஸ்கூல் பசங்களா, கம்பெனிக்குப் போறவங்களா?"

அது தெரியாத மேடம், அடித்த 'பாதி'க்குக் கீழே அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் அது.