ஏழு மணி ஷிஃப்ட்

ஆண்டர்சன்பேட்டைக் கல்லூரியின் எம்.பி.ஏ. வகுப்புக்கு ஆசிரியை ராதா கொடுத்திருந்த கேஸ் ஸ்டடி, ஊரிலேயே இருந்த ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையைப் பற்றியது. முந்நூறு தொழிலாளர்கள். ஆறு மாதமாகப் பலர் வேலையை விட்டு நிற்கிறார்கள். ஏன், என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும். முதலிடம் பெறுபவருக்கு அதே தொழிற்சாலையில் பயிற்சி வேலை.

முதலில் விநாயக்கின் தாளைத் திருத்தினாள். வழவழப்பான அட்டை, வண்ணக் கட்டங்கள். ஸ்வாட், பெஸ்டல், ஃபைவ் ஃபோர்சஸ் என்று பாடப்புத்தக ஃப்ரேம்வொர்க்குகள் மூன்றும் இருந்தன. போட்டி நிறுவனங்களை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு, ஆள் ஏன் நிற்கிறான் என்று எப்படிச் சொல்வது? கடைசிப் பக்கத்தில் ஒரு செயலி, ஊழியர் விழா, ஊக்கப் பரிசு. ராதா மனதுக்குள் கட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தாள். பரிந்துரை அப்படியே நின்றது. ஆய்விலிருந்து வந்ததாக இருந்தால் அது விழுந்திருக்கும். இருபதுக்கு எட்டு போட்டாள்.

நேத்ராவின் தாள் நான்கே பக்கம். ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருந்து வரும் பெண், அதிகம் பேசாதவள். சம்பளம், மேற்பார்வையாளர், வந்துபோகும் நேரம் என்று காரணங்களை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கேஸின் பின்னிணைப்பில் இருந்த அட்டவணைகளோடு ஒப்பிட்டிருந்தாள். ஷிஃப்ட் எட்டரையிலிருந்து ஏழுக்கு மாறியதற்கு முந்தைய ஆறு மாதத்தில், நடந்து வருபவர்களில் எட்டுப் பேரும், பூதிகோட்டை போன்ற ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்களில் பதினொரு பேரும் நின்றிருந்தார்கள். பிந்தைய ஆறு மாதத்தில் முதல் கூட்டத்தில் ஒன்பது, இரண்டாவதில் ஐம்பத்தெட்டு. இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு. சம்பளமும் மேற்பார்வையாளர்களும் ஒன்றே. ஆகவே நேரம்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று எழுதிவிட்டு, கீழே சேர்த்திருந்தாள்: "நின்றவர்கள் சொன்ன காரணம் இதில் பதிவாகவில்லை. அதனால் ஒரு தையல் லைனை மட்டும் மூன்று மாதம் எட்டரைக்கு மாற்றி, மற்ற லைன்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்."

ராதா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். தெரிந்ததைச் சொல்ல எல்லாராலும் முடியும். தெரியாதது எவ்வளவு என்று சொல்கிற தாள் அவளுக்கு வருடத்தில் ஒன்று கிடைத்தால் அதிசயம். பதினெட்டு போட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் துறைத்தலைவர் ஞானதாஸ் கூப்பிட்டார். தொழிற்சாலையின் ஹெச்.ஆர். மேனேஜர் நாகேஷ் அவர் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பொண்ணு இன்னா மேடம் எழுதிகீது? ஷிஃப்ட்ட மாத்துனதே நான்தான். என்னக் குத்தம் சொல்ற பேப்பருக்கு நானே வேலை குடுக்கணுமா?" என்றார் நாகேஷ்.

"உங்களக் குத்தம் சொல்லல சார். நீங்க குடுத்த டேபிள்ல இருக்கறதத்தான் சொல்லுது."

"அந்தப் பையன் மூணு ஃப்ரேம்வொர்க் போட்டுகிறான். இந்தப் பொண்ணு ஒண்ணுகூட போடல."

"காரணத்த பிரிச்சு டேட்டாவோட சோதிச்சிருக்கா சார். அதுவும் ஃப்ரேம்வொர்க்தான். பேர் எழுதல, அவ்ளோதான்."

நாகேஷ் போனபின் ஞானதாஸ் கதவைச் சாத்தினார். "நீங்க சொல்றது சரி ராதா. ஆனா நம்ம பசங்களுக்கு இங்க வேற கம்பெனி எது? எல்லாம் காலைல ரயில் ஏறி பெங்களூரு போவுதுங்க. அவரு கோச்சுகினு போனா அடுத்த வருஷம் ஒருத்தரும் வரமாட்டாங்க. உங்க கான்ட்ராக்ட்டும் ஜூன்ல முடியுது. நான் அதுக்காகச் சொல்லல." புதிய மதிப்பெண் தாளை நீட்டினார். விநாயக்குக்குப் பதினேழு. நேத்ராவுக்குப் பதினொன்று, 'கோட்பாட்டுப் பயன்பாடு போதாது' என்று குறிப்பும் இருந்தது.

ராதா கையெழுத்துப் போட்டாள். மூன்று வினாடிகூட ஆகவில்லை. அதுதான் பின்னால் அவளை அறுத்தது.

முடிவு ஒட்டிய அன்று நேத்ரா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "நான் எங்க தப்பு பண்ணேன் மேடம்? சொன்னா அடுத்த தபா திருத்திக்கிறேன்."

தப்பே இல்லை என்று சொல்ல வாயெடுத்து, "குறிப்பப் படிச்சுக்கோம்மா" என்றாள் ராதா. நேத்ரா படித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம், ஒரு பால் கூட்டுறவு சங்கத்தைப் பற்றிய கேஸ். நேத்ராவின் தாள் இருபத்திரண்டு பக்கம். ஸ்வாட், பெஸ்டல், ஃபைவ் ஃபோர்சஸ், எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. பின்னிணைப்பிலிருந்து ஒரு எண்கூட இல்லை. பரிந்துரை: ஒரு செயலி.

ராதா அவளைக் கூப்பிட்டாள். "இது உன் எழுத்து இல்லையே நேத்ரா. டேபிள் நாலுல எல்லாம் கீதே, நீ பாக்கலியா?"

"பாத்தேன் மேடம். கோடைல பால் கொறையல, சேகரிக்கற நேரம்தான் தப்பு. ரெண்டு பக்கத்துல எழுதி வெச்சிருந்தேன்."

"அத்த ஏன் குடுக்கல?"

நேத்ரா கோபப்படவில்லை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்கிறாய் என்பதுபோல் பார்த்தாள். "மார்க் வேணும் மேடம்," என்றாள்.

அவள் போனபின் ராதா பேனாவைத் திறந்தாள். நேர்மையாகப் பார்த்தால் இதற்கு ஏழு. அதைப் போடும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று யோசித்தபடி, மணி அடிக்கும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதினாறு போட்டு, விடைத்தாள் கட்டின் நடுவே செருகினாள்.