அடைப்புக்குறிக்குள் ஒரு கிழவர்

திரையில் கிழவர் பேச ஆரம்பித்து ஏழெட்டு நிமிடம் ஓடிவிட்டது. அவளிடம் இருந்த வசனப் பட்டியலில் அத்தனைக்கும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: 'பாடுகிறார்.'

அவர் பாடவில்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நடுரோட்டில் பழுதாகி நிற்கும் பேருந்துக்குள் உட்கார்ந்து, சுற்றியிருக்கும் பயணிகளை ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். குரல் ஏறுகிறது, இறங்குகிறது, ஓரிடத்தில் இழுத்து நிற்கிறது. நிற்கிற இடத்திலெல்லாம் பேருந்தின் நடத்துநர் பின்னாலிருந்து ஒரு சொல்லைப் போடுகிறான். எல்லா முறையும் அதே சொல். அது வராவிட்டால் கிழவர் மேலே போவதில்லை. ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். கொஞ்ச நேரம் முன்புவரை டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஓட்டுநரின் சட்டையைப் பிடித்திருந்த தடியன் தலையைக் குனிந்துகொள்கிறான். ஏன் குனிகிறான்? பட்டியலுக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் கணினி, இன்னொரு பக்கம் காயப்போட்டு மடிக்காத துணி. பதினைந்து வருடமாக அவள் பார்க்கிற வேலை இது. சீரியல், சமையல் நிகழ்ச்சி, கொலை விசாரணை என்று எது வந்தாலும் திரைக்கு அடியில் ஓடுகிற வரியைத் தமிழில் எழுதிக் கொடுப்பாள். ஒரு வரிக்கு இத்தனை எழுத்து, ஒரு வரி திரையில் இத்தனை நொடி. அதற்குள் அடங்காததை வெட்டிவிட வேண்டும். வெட்டி வெட்டிக் கை பழகிவிட்டது. இப்போதெல்லாம் யாராவது நேரில் நீளமாகப் பேசினால்கூட மனசு தானாக அதைச் சுருக்கிக்கொண்டிருக்கும். இந்த ஒரு படம்தான் கையைப் பிடித்து நிறுத்தியது.

படத்தைக் கொண்டுவந்தவன் சின்னவன், அவள் கணவனின் தம்பி. அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறையில் விநியோகக் கம்பெனி நடத்துகிறான். வெளிநாட்டில் ஒரு திரைப்பட விழாவுக்குப் போனவன், இந்த மேற்கு ஆப்பிரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து வாரக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தான். "எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க அண்ணி. அதுல பாதிப் பேரு என்னைமாதிரி படம் வாங்க வந்தவங்கதான். ஆனா ஒருத்தனும் வாங்கல. விழாவுக்கு நல்ல படம், தியேட்டருக்கு ஆகாதுன்னு சொல்லிட்டுக் காபி குடிக்கப் போயிட்டாங்க."

"அப்ப நீ மட்டும் ஏன் வாங்கற?"

"நானும் காபி குடிக்கத்தான் போனேன். காபி இறங்கல."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு ஒப்புக்கொண்ட வேலை.

பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சு, படத்தில் பேசுகிற பம்பாரா மொழியிலிருந்து. மூன்று கை மாறி வந்த சட்டை மாதிரி எந்த இடத்திலும் பொத்தான் சரியாக விழவில்லை. இயக்குநரிடம் பேச வேண்டும் என்று சின்னவனிடம் கேட்டாள். அவன் படத்தை விற்கும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு எழுதினான். அவர்கள், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலே போதும் என்று பதில் போட்டார்கள். பிறகு அவனே எப்படியோ இயக்குநரின் எண்ணைப் பிடித்துக் கொடுத்தான்.

இயக்குநர் ஒரு அம்மாள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர். படம் சோறு போடுவதில்லை என்று பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். இருவருக்கும் பொதுவான ஆங்கிலம் கொஞ்சம்தான். அதை வைத்தே ஓட்டினார்கள்.

"அவர் பாடல. சாட்சி சொல்றார்," என்றார் இயக்குநர். "பரம்பரையா கதை சொல்ற குடும்பத்து ஆள் அவர். யாரு யாரோட வாரிசு, யாரு யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தாங்க, எல்லாம் அவங்க வாயிலதான் இருக்கு. சண்டை வந்தா அவங்களைத்தான் கூப்பிடுவாங்க. அந்தத் தடியனோட முப்பாட்டன் ஒரு பஞ்சத்துல வழிப்போக்கங்களுக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டார். அதைத்தான் சொல்றார். அவர் வம்சத்துல வந்தவனால அதுக்கப்புறம் சட்டையைப் பிடிக்க முடியுமா?"

"அந்த நடத்துநர் திருப்பித் திருப்பி என்னமோ சொல்றாரே?"

"நாமு. கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். பதில் சொல்ல ஒருத்தர் இல்லாம கதை நகராது. ஆமான்னு மட்டும் போட்டுடாதீங்க. ஆமான்னா அவன் ஒத்துக்கிட்டான்னு ஆயிடும். அவன் ஒத்துக்கல, கேட்கிறான். அவ்வளவுதான்."

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உம். வீட்டில் யார் கதை சொன்னாலும் எதிரில் இருப்பவர் கொட்டுகிற அதே உம். இத்தனை வருட வேலையில் ஒரு சொல் இவ்வளவு சரியாகப் போய் உட்கார்ந்ததில்லை.

இன்னொன்றும் கேட்டாள். கிழவர் ஓட்டுநரைப் பார்த்து 'மொச்சை தின்கிறவனே' என்கிறார், ஓட்டுநரோ சிரிக்கிறார். "அது திட்டு இல்ல," என்றார் இயக்குநர். "சில குலத்துக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணலாம். பண்ணியே ஆகணும். அந்த உரிமை இருக்கிற இடத்துல சண்டை வராது." அவள் மாமன் மச்சான் கேலியை நினைத்துக்கொண்டாள். 'வாடா மச்சான், மொச்சைக்கொட்டைத் தீனிப்பண்டாரம்' என்று எழுதினாள். எழுத்துக் கணக்கு இடித்தது. இடித்தால் இடிக்கட்டும் என்று விட்டாள்.

"உங்க ஊர்ல படம் எப்படிப் போச்சு?" என்று கடைசியாகக் கேட்டாள்.

"எங்க ஊர்த் தியேட்டர் இப்ப சிமென்ட் குடோன். எங்க அப்பா காலத்துல வெளியூர்க் கம்பெனிக்காரங்கதான் தியேட்டரை வச்சிருந்தாங்க. இந்திப் படம், கராத்தே படம், கவ்பாய் படம், எல்லாம் வரும். எங்க படம் வராது. அதுக்கும் முன்னாடி, வெள்ளைக்காரன் ஆட்சியில, அவன் அனுமதி இல்லாம அங்க படமே எடுக்கக் கூடாது. இப்ப எடுக்கலாம், காசுதான் இல்ல. ஐரோப்பாவுல நிதி வாங்கித்தான் எடுத்தேன். அதனால உரிமையும் அங்கதான் இருக்கு. பள்ளிக்கூட மைதானத்துல வெள்ளைத் துணியைத் திரையாக் கட்டிப் படத்தைக் காட்டறதுக்கே நான் அனுமதி வாங்கவேண்டி இருந்தது."

அன்றும் துணி மடிக்காமலே கிடந்தது. அடுத்த இரண்டு வாரம், காலையில் கணவன் வேலைக்குக் கிளம்பியதும் அந்த ஏழெட்டு நிமிடத்தோடு உட்கார்ந்துவிடுவாள். இயக்குநர் குரல் பதிவுகளாக அனுப்பிய விளக்கத்தைக் கேட்டுக் கேட்டு, கிழவர் மூச்சு விடும் இடத்தில் வரியை உடைத்து, உம் விழ இடம் விட்டாள். காசு பேசிய வேலையைப் போல அது இல்லை. கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை.

எழுதி முடித்த வாரம் சின்னவன் வந்தான். செருப்பைக் கழற்றும் விதத்திலேயே சேதி தெரிந்தது.

"நான் கையெழுத்துப் போடறதுக்குள்ள ஒரு ஆன்லைன் கம்பெனி தியேட்டர் தவிர உலக உரிமை மொத்தத்தையும் வாங்கிட்டான் அண்ணி. எனக்குத் தியேட்டர் உரிமை மட்டும் தர்றாங்களாம். அதுவும் அவன் வெளியிடற தேதிக்கு முன்னாடியே முடிச்சுக்கணும்."

"தியேட்டர்தானே உனக்கு வேணும்?"

"தியேட்டர்ல இந்தப் படம் போஸ்டர் செலவைக்கூட எடுக்காது. டிவிக்கும் ஆன்லைனுக்கும் வித்துத்தான் நான் போட்டதை எடுப்பேன். அது இல்லன்னா வெறும் கைதான். தியேட்டர்காரர்கிட்டயும் பேசினேன். நல்ல மனுஷன். காலைக் காட்சி ஒண்ணு தர்றேன், முதல் நாள் கூட்டம் வரலன்னா மத்தியானமே எடுத்துடுவேன்னார். யாருக்கும் தெரியாத முகம், யாருக்கும் தெரியாத ஊரு, யாரு வருவாங்கன்னு கேட்டார். வந்து பார்த்தாத்தானே முகம் தெரியும்னேன். அவர் என்ன பண்ணுவார், சிரிச்சார்."

"அப்ப நான் எழுதினது?"

அவன் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுச் சொன்னான். "அவங்களுக்குன்னு ஆள் இருக்காங்க அண்ணி. அதே இங்கிலீஷ் பட்டியலை வச்சுத் தமிழ் போட்டுடுவாங்க. உங்களோடதை எடுத்துக்கச் சொல்லி எழுதிக் கேட்டேன். தேவையில்லன்னுட்டாங்க."

உலகத்தில் எங்கெல்லாம் தமிழில் அந்தப் படத்தைத் திறப்பார்களோ, அங்கெல்லாம் கிழவர் மறுபடியும் அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கோபம்கூட வரவில்லை. மேஜையில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

சின்னவன் எதையும் அப்படியே விடுகிற ஆள் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி, டிக்கெட் இல்லாத ஒரே ஒரு காட்சிக்குக் கட்டணம் கட்டி அனுமதி வாங்கினான். பழைய பிரிவ்யூ தியேட்டரை வாடகைக்குப் பிடித்தான். நாற்பது பேர் போல வந்தார்கள். அவளுடைய கணவனும் விடுப்புப் போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

படம் ஓடவில்லை. வட்டு வந்துவிட்டது, அவளுடைய தமிழ் வரிகளையும் அதில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் படம் பூட்டோடுதான் வரும். படம் ஓட்டும் அந்த ஒரு கருவியில், குறித்த நேரத்துக்குள் மட்டும் திறக்கும் சாவியைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அனுப்பியவர்கள் தங்கள் ஊர் நேரத்தைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். "இன்னும் மூணரை மணி நேரம் கழிச்சுத்தான் திறக்கும் சார்," என்றார் ஆபரேட்டர். சின்னவன் போன் மேல் போன் போட்டான். அங்கே ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

கூட்டம் நெளிந்தது. சின்னவன் இயக்குநரைப் போனில் பிடித்து மைக்கின் முன்னால் வைத்தான். அவர் படத்தைப் பற்றியும் கிழவர் சொல்லும் கதையைப் பற்றியும் பேசுவதை அவள் தமிழில் சொன்னாள். படம் திறக்கிறவரை அந்தக் கதையை நீங்களே சொல்லுங்களேன் என்று முன்வரிசையில் இருந்தவர் கேட்டார்.

"என்னால முடியாது," என்றார் இயக்குநர். "நான் அந்தக் குடும்பத்துல பிறக்கல. அதைச் சொல்ற வாய் வேற. எனக்குக் கேட்கத்தான் தெரியும். அதனாலதான் படம் எடுத்தேன்."

"உங்க ஊர்ப் படமெல்லாம் ஏன் இங்க வர்றதே இல்ல?" என்று ஒரு பெண் கேட்டாள்.

போனில் சிரிப்புச் சத்தம் வந்தது. "அதை நான்தான் உங்களைக் கேட்கணும்னு இருந்தேன்."

அவள் அதைத் தமிழில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்தது, திரும்பக் கிடைக்கவில்லை.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். குழந்தை வீட்டில் இருக்கிறது, பஸ் போய்விடும், இன்னொரு நாள் பார்க்கிறோம் என்றார்கள். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். சின்னவன் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து அனுப்பினான். கணவன் வெளியே போய் டீ வாங்கி வந்தான். மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் மிச்சம். ஒருவர் நன்றாகவே தூங்கிவிட்டிருந்தார்.

பிறகு ஆபரேட்டர் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். விளக்கு அணைந்தது. அவள் சுவரோரமாக நின்றுகொண்டாள். திரையில் ஒன்றுமில்லை, கறுப்பு. எங்கோ தூரத்தில் ஓர் எஞ்சின் மேடேற மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் அது மட்டுமே கேட்டது. மறுபடியும் பழுது போல என்று முன்வரிசைக்காரர் பின்னால் திரும்பி, ஆபரேட்டர் அறையின் சின்னச் சன்னலைப் பார்த்தார். அவர் திரும்பியிருந்த அந்த நேரத்தில்தான், கறுப்பின் அடியில் இரண்டு மங்கலான வெளிச்சப் புள்ளிகள் தோன்றி, ஒன்று அணைந்து, மறுபடி எரிந்து, மெல்ல அவர்களைப் பார்த்து வர ஆரம்பித்தன.