பெட்டி முகத்துக்கு ஏற்ற பிரேம்

அவளுடைய கணவரின் அக்கா அனுப்பிய புகைப்படம் குறை சொல்ல முடியாததாக இருந்தது. தலைமுடியை இறுக்கிப் பின்னால் கட்டியிருந்தார்; சிரிக்கவில்லை; கண் மட்டத்தில், சற்றுத் தள்ளி நின்று, வேறொருவரைக் கொண்டு எடுத்திருந்தார். கைப்பேசியை அருகில் பிடித்துத் தாமே எடுத்தால் மூக்கு பெருத்து முகம் ஒடுங்கித் தெரியும் என்று கண்ணாடிக் கடையில் பிரேம் தேர்ந்து கொடுக்கும் அவள்தான் சொல்லியிருந்தாள்.

மருந்துக் கடை நடத்தும் அந்த அண்ணி, கண்ணாடி போட்டால் அசிங்கமாக இருப்பேன் என்று வெகுநாட்களாக மறுத்து வந்தவர். அட்டையிலிருந்த சிறிய எழுத்தைத் தவறாகப் படித்து, வேறு மாத்திரையை எடுத்து நீட்டி, வாங்க வந்தவரே சுட்டிக்காட்டிய பிறகே சம்மதித்தார். "உன்னை நம்பித்தான் அனுப்புறேன். எது பொருந்தும்னு நீயே சொல்லு" என்பதே படத்தோடு வந்த செய்தி.

அவள் படத்தின்மீது நெற்றி, கன்னம், தாடை என மூன்று கோடுகள் இழுத்தாள். மூன்றும் ஏறத்தாழ ஒரே அகலம். தாடையின் முனைகள் கூர்மை. கடைக்குள் இத்தகைய முகத்துக்குப் 'பெட்டி' என்று பெயர். வட்ட முகம் 'தட்டு'. லென்ஸ் வெட்டும் மாமாவுக்கு இப்படி எழுதி அனுப்புவது அங்கே வழக்கம். அன்றும் எழுதினாள்:

"அசல் பெட்டி மாமா. தாடை ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிக்குது. வட்டமா ஏதாவது மாட்டி மறைக்கணும்."

அனுப்பிய பிறகே, அது போய்ச் சேர்ந்த இடத்தைக் கவனித்தாள். கோடு போட்ட படமும் வரியும் அண்ணியின் பெயருக்குக் கீழேயே இருந்தன. அழிக்க விரல் நகர்வதற்குள் இரண்டு நீலக் குறிகள் விழுந்துவிட்டன.

மாலையில் அண்ணி நேரிலேயே வந்தார். முகத்தில் மாஸ்க் அணிந்திருந்தார்.

"வாங்க அண்ணி... சளியா?"

"இல்லம்மா. சும்மாதான். மருந்து வாடை."

உள்ளேயிருந்து மாமா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, திருடன் மாதிரி வந்திருக்கீங்க? மூஞ்சியக் காட்டாம கண்ணாடி போட முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மெதுவாக மாஸ்க்கைக் கழற்றினார். கழற்றியதும் ஒரு கை தானாகத் தாடையை மூடிக்கொண்டது. அதைப் பார்க்க முடியாமல் அவள் ஏற்கெனவே பளபளத்த மேசையைத் துடைத்தாள்.

எடுத்து வைத்திருந்த வட்டப் பிரேம்களை அண்ணி தொடவில்லை. குறுகிய, பட்டையான கட்டப் பிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். அது தாடையின் கோணத்தை இன்னும் எடுத்துக் காட்டியது.

"இதுவே போதும்."

"அண்ணி, அது வேணாமே..."

"ஏன்? மறைக்கலையா?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் தடுத்ததற்கு வேறு காரணம் இருந்தது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸ். படிக்கும் பகுதி அடியில் அமையும். பிரேமுக்கு உயரம் இல்லாவிட்டால் அந்தப் பகுதியே வெட்டுப்பட்டுப் போகும். அதைச் சொல்ல வாயெடுத்தால் அதுவும் சாக்காகத்தானே கேட்கும்?

"உயரம் பத்தாது அண்ணி. அட்டை எழுத்து தெரியாது."

"கண்ணுக்குச் சொல்றியா, மூஞ்சிக்குச் சொல்றியா?"

"கண்ணுக்கு அண்ணி. சத்தியமா."

அண்ணி மாமாவைப் பார்த்தார். மாமாவும் தலையாட்டினார்.

"அப்போ கட்டத்துலயே உயரமா ஒண்ணு குடு. வட்டம் எனக்கு வேணாம்."

அவள் மறுபேச்சின்றி எடுத்து வந்தாள். எது பொருந்தும் என்று சொல்லும் உரிமை தன் கையைவிட்டுப் போய்விட்டதை அறிந்தவளாக, மூக்கில் சரியாக அமர்கிறதா, காதை அழுத்துகிறதா என்று மட்டும் பார்த்தாள். இனிக் கண்மணி நிற்கும் இடத்தை, பிரேமில் மாட்டியிருக்கும் மாதிரிக் கண்ணாடியில் பேனாவால் குறிக்க வேண்டும். அதற்கு எதிரெதிரே, ஒரே உயரத்தில் அமர்ந்து, ஒருவர் கண்ணை ஒருவர் நேராகப் பார்க்க வேண்டும்.

"என் கண்ணைப் பாருங்க அண்ணி" என்றாள், தரையைப் பார்த்து.

"நீ எங்க பாக்குற?"

நிமிர்ந்தாள். அண்ணியின் இமைகள் வீங்கியிருந்தன. பேனா சறுக்கிப் புள்ளி தள்ளி விழுந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணி. அந்தப் புள்ளிக்கு மட்டும் இல்ல."



"துடைச்சிட்டுத் திரும்ப வை. தப்பா வச்சா நாளைக்கு நான் யாருக்காவது தப்பு மாத்திரை குடுப்பேன்."

அவள் ஈரத் துணியால் புள்ளியைத் துடைத்தாள். இம்முறை கண்ணைத் தாழ்த்தாமல், அண்ணி அசையாமல் இருந்த அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டேயிருந்து குறித்தாள்.