புரிதல் வேறுபாடு

பத்மப்ரியா விலைப்பட்டியலில் ஒரு கட்டம் தள்ளிப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

மலையாள ஊரான கழக்கூட்டத்தில் ஒரு வாடகைக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த ஒளிவேணி பவர் கம்பெனியில், தமிழ் பேசும் வாடிக்கையாளர்களின் போனை எடுப்பது அவள் வேலை. வியாழக்கிழமை காலை மாடம்மாள் கூப்பிட்டாள். பைபாஸ் ஓரத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவள். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாகிறது. கடை இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வேண்டும், பழசைத் திருப்பித் தந்துவிடுகிறேன், எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். பத்மப்ரியா பதினாறாயிரத்துத் தொள்ளாயிரம் என்றாள். அது பழைய பேட்டரி தராதவர்களுக்கான விலை. தருகிறவர்களுக்குப் பதினாலாயிரத்து நானூறு.

மாடம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி மோளே, திங்கக்கிழமை கொண்டாங்க" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் ஆர்டரைப் பதிவு செய்யும்போது திரையில் வேறு தொகை வந்தது. பத்மப்ரியா பட்டியலை எடுத்து மறுபடி பார்த்தாள். அந்தப் பெருமூச்சு காதிலேயே இருந்தது. உடனே திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தவளை மேனேஜர் மஹேஷ் தடுத்தார்.

"போன்ல சொன்ன விலையை போன்லயே மாத்தக்கூடாது. ரூல். எழுத்துலதான் போகணும். இனி போன்ல அவங்ககிட்ட எந்தத் தொகையும் நீ சொல்லாதே."

அவள் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் எழுதிவிட்டாள். நேற்று போனில் உங்களிடம் 16,900 ரூபாய் என்று சொன்னேன், அது தவறு, சரியான விலை 14,400, அதை மட்டுமே வாங்கிக்கொள்வோம், மன்னிக்க வேண்டும். லெட்டர் மறுநாள்தான் போகும் என்று தெரிந்து 'நேற்று' என்று போட்டிருந்தாள். கம்பெனி வேகம் அவளுக்குப் பழக்கம்.

மஹேஷ் படித்தார். முகம் சுளித்தார்.

"'சொன்னேன்'னா யாரு? நீயா? கம்பெனி லெட்டர்ல 'நான்' எங்கேருந்து வந்தது?"

"நான்தானே சார் சொன்னேன்?"

"'தெரிவிக்கப்பட்டது'ன்னு போடு. யார் தெரிவிச்சதுன்னு யாரும் கேக்க மாட்டா. மேல ஒரு வரி மரியாதையா இருக்கட்டும்."

மரியாதையான வரி ஐந்து வரியானது. 'தங்களைப் போன்ற மதிப்புமிக்க வாடிக்கையாளர்களின் நம்பிக்கையே எங்கள் ஒளி' என்பது அதில் ஒன்று. பேட்டரி கம்பெனிக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று மஹேஷே தன்னை மெச்சிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அது சட்டப் பிரிவுக்குப் போனது. சட்டப் பிரிவு என்பது சிபி. சாஸ்தமங்கலத்து மலையாளி. பள்ளியில் கற்ற தமிழல்ல, பக்கத்து வீட்டில் கற்ற தமிழ்.

"சேச்சி, 'தவறு' வேண்டா கேட்டோ. நாளைக்கு அவங்க உபபோக்தா கோர்ட்டுக்கு, அதான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு, போனா, நம்ம கையெழுத்துல நாமே சம்மதிச்ச மாதிரி ஆயிடும்."

"குறைச்சு வாங்கறதுக்கு எந்த கோர்ட்டுக்குப் போவா?"

"போக மாட்டாங்க. ஆனா போனா?"

'தவறு' போய் 'வேறுபாடு' வந்தது. 16,900 என்று எழுதினால் அதுவே அத்தாட்சி என்று அந்த எண் போனது. ஒன்று போனபின் மற்றதுமட்டும் தனியாக நின்றால் அசிங்கம் என்று 14,400-ம் போனது. 'உரிய விலை' என்று ஆனது. 'மன்னிக்க வேண்டும்' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சிபி பெருந்தன்மையாக விட்டான். முன்னால் ஒரு நிபந்தனை சேர்த்தான்.

மூன்று மணிக்கு, ஐந்து மரியாதை வரிகளுக்குக் கீழே, மாடம்மாளின் வாட்ஸப்புக்குப் போனது இது:

'தொலைபேசி உரையாடலின்போது ஏற்பட்ட புரிதல் வேறுபாட்டினால் தாங்கள் அசௌகரியமாக உணர்ந்திருக்கும் பட்சத்தில் மன்னிக்க வேண்டுகிறோம். உரிய விலையே வசூலிக்கப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்வதுடன், தங்கள் ஒத்துழைப்பை நாடுகிறோம்.'

மூன்றே காலுக்கு போன் அடித்தது.

"மோளே, என் காதுக்கு ஒரு கேடும் இல்ல," என்றாள் மாடம்மாள். "நீ சொன்னத நான் நல்லாத்தான் கேட்டேன். புரிதல் வேறுபாடுன்னா என்ன, எனக்கு வெளங்கலன்னு சொல்லுதியளா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா..."

"வசூலிக்கப்படும்னு வேற போட்டிருக்கு. வெலய ஏத்திட்டியளா? எவ்வளவு, அதச் சொல்லு."

தொகை அவள் நாக்கு நுனியில் நின்றது. மஹேஷ் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார். பின்பு தாமே ஸ்பீக்கரைப் போட்டு, "மேடம், உரிய விலைதான்" என்றார்.

"உரிய வெல எவ்வளவு?"

"லிஸ்ட்ல உள்ளது, மேடம்."

"லிஸ்ட்ல எவ்வளவு இருக்கு?"

மஹேஷ் சிபியைப் பார்த்தார். சிபி விட்டத்தைப் பார்த்தான்.

"இட்லி எவ்வளவுன்னு எங்கிட்ட ஒருத்தன் கேட்டா, பத்து ரூவான்னு சொல்லுவேன். உரிய வெலன்னு சொன்னா அவன் சாப்பிடுவானா?" என்றாள் மாடம்மாள். "ஆர்டர் வேண்டாம். ஆள விடுங்க."

வைத்துவிட்டாள்.

ரத்தான ஆர்டர்களின் கணக்கு மாதக் கடைசியில் எர்ணாகுளம் தலைமை அலுவலகத்துக்குப் போகும். இந்த மாதம் ஏற்கெனவே பதினொன்று. அதை நினைத்ததும் மஹேஷுக்கு மொழி குறித்த கருத்தெல்லாம் கரைந்துவிட்டது.

"நீ முதல்ல எழுதினியே, அது எங்கே?"

"அதுமேலேதான் சார் நீங்க எல்லாரும் திருத்தினது."

"சரி, திரும்ப எழுது. அஞ்சு நிமிஷம்."

சிபி வாயைத் திறந்தான். மஹேஷ், "பன்னிரண்டாவது, சிபி" என்றார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பத்மப்ரியா எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியதையே எழுதலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அதில் தன் மனசு லேசாவதற்கான வரிகள்தான் அதிகம் என்று இப்போது பட்டது. மாடம்மாளுக்குத் தெரிய வேண்டியது இன்னும் இருந்தது.

'மாடம்மாள் அவர்களுக்கு,

உங்கள் காதில் விழுந்தது சரி. வியாழக்கிழமை பத்மப்ரியாவாகிய நான்தான் பட்டியலில் வேறு கட்டத்தைப் பார்த்து 16,900 ரூபாய் என்று தவறாகச் சொன்னேன். பழைய பேட்டரி தருவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதற்குரிய விலை 14,400 ரூபாய். வரி, பொருத்தும் கூலி எல்லாம் இதில் அடக்கம். இதற்குமேல் ஒரு ரூபாயும் வாங்க மாட்டோம். பில்லிலும் இந்தத் தொகைதான் இருக்கும்.

இன்று வந்த லெட்டர் உங்களைக் குறை சொல்வதுபோல் இருந்தது. அதற்கும் சேர்த்து மன்னியுங்கள். உங்களுக்குச் சம்மதமானால் திங்கள் காலை பேட்டரி வரும். பொருத்தி, எரிகிறதா என்று பார்த்தபிறகு பணம் கொடுத்தால் போதும்.'

கீழே தன் பெயரையும் நேரடி எண்ணையும் போட்டாள். மஹேஷ் படித்தார். 'நான்' என்ற இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அனுப்பு என்று தலையை ஆட்டினார்.

அரைமணி கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. "இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன? கொண்டாங்க."

திங்கட்கிழமை பேட்டரி போனது. பதினாலாயிரத்து நானூறு வாங்கிக்கொண்டு, பழசைத் தூக்கிக்கொண்டு வண்டி திரும்பியது. அன்றே மஹேஷ் அந்த லெட்டரை 'எங்கள் கிளையின் புதிய அணுகுமுறை' என்று தலைப்பிட்டு எர்ணாகுளத்துக்கு அனுப்பினார். பத்மப்ரியாவின் பெயரை மறதியாக விட்டுவிட்டார். புதன்கிழமை பதில் வந்தது. அணுகுமுறை பாராட்டுக்குரியது, இனி எல்லா மன்னிப்புக் கடிதங்களும் அனுப்புமுன் மூன்று பிரிவுகளின் ஒப்புதல் பெற வேண்டும்.

வியாழக்கிழமை மறுபடியும் மாடம்மாள் கூப்பிட்டாள். பக்கத்து லாட்டரிக்கடைக்காரருக்கு பேட்டரி வேண்டுமாம். "தப்பு எங்களுதுன்னு ஒரு கம்பெனிக்காரன் எழுதினத நான் இப்பத்தான் பாத்தேன். அவருகிட்ட காட்டினேன், உங்கிட்டயே கேக்கச் சொன்னாரு. எவ்வளவு ஆகும் மோளே?"

பத்மப்ரியா விலைப்பட்டியலைப் பக்கத்தில் இழுத்து, ஸ்கேலை வரிசைக்கு அடியில் வைத்தாள்.

"பழசு தராரா, இல்லையாம்மா? அதைக் கேட்டுச் சொல்லுங்கோ முதல்ல. நான் லைன்லயே இருக்கேன்."