டேக் கட்டிய திரி

ஹோட்டல்காரர் வீட்டுக் கூரை கறுத்துப் போனதற்கு எங்கள் கம்பெனியில் என் சித்தியைப் பிடித்தார்கள்.

வீட்டுக் கூரை இல்லை, சாப்பாட்டுக் கூடத்துக் கூரை. வெள்ளை வெளேரென்று புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தாராம். தினமும் இரவு மேசைக்கு ஒன்றாக எங்கள் மெழுகுவத்தியைப் புதிதாக ஏற்றுகிறார். இப்போது ஒவ்வொரு மேசைக்கு மேலேயும் கரி வட்டம். போட்டோ அனுப்பியிருந்தார். சாயங்காலம் நேரில் வருகிறேன், காரணம் சொல்லவில்லையென்றால் ஆர்டர் கிடையாது என்றும் சொல்லியிருந்தார்.

எங்கள் கம்பெனியில் காரணம் என்பது ஒரு ஆள். ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் காரணம் கிடைத்த மாதிரி.

கண்டுபிடித்தவர் விற்பனை மேனேஜர். எதற்கெடுத்தாலும் "பிராண்டு, பிராண்டு" என்பதால் ஃப்ளோரில் அவருக்குப் பேரே பிராண்டு சார்தான். மீட்டிங்கில் எழுந்து நின்றார். உட்கார்ந்து சொன்னால் உண்மை போலத் தெரியாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"டெஸ்டிங் ரூமுக்கு வர்ற சாம்பிள் புகையே இல்லாம எரியுது. பெட்டியில போறது புகையுது. அப்போ சாம்பிளுக்கு நல்ல மெழுகு, பெட்டிக்குக் கலப்பட மெழுகு. நல்ல மெழுகு எங்க போச்சு? உருக்குறது யாரு?"

உருக்குவது என் சித்தி. அந்த டெஸ்டிங் ரூமில் சாம்பிளை எரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். கெமிஸ்ட்ரி படித்தவள். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. அது இந்த மீட்டிங்கில் டீ கொடுக்கும் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை எனக்கு வாங்கிக் கொடுத்திருந்தது.

"திருடுனாங்கன்னு சொல்றீங்களா சார்?" என்றேன்.

"நான் அப்படிச் சொல்லலை. முடிவு அப்படி வருது."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ பேசாதம்மா. உன் சித்தி. உனக்கு ரத்த பாசம் இருக்கும்." பிராண்டு சார் அவருடைய மைத்துனர். அது மட்டும் நிர்வாகம்.

சாயங்காலம் ஹோட்டல்காரர் முன்னால் சித்தியை வேலையை விட்டு அனுப்புவதாக முடிவானது. கூரையைத் துடைக்க அது உதவாது, ஆனால் மரியாதையாக இருக்குமாம்.

உருக்கும் அறைக்கு ஓடினேன். சித்தி கொப்பரை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயம் எனக்கு முன்பே அவளிடம் வந்திருந்தது.

"இவ்ளோ வருஷம் இந்த வாடையில நின்னேன். கடைசியில திருடியாம்," என்றாள். "வேலை போனா போகுதுடி. அந்தப் பேரோட நான் தெருவுல எப்படி நடப்பேன்?"

"சித்தி, சாம்பிளை எனக்கு அனுப்புறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவ?"

"என்ன பண்ணுவேன், திரியைக் கத்தரிப்பேன். அச்சிலிருந்து எடுத்தா இவ்ளோ நீளம் நிக்கும். கால் அங்குலம் விட்டு வெட்டிட்டு அனுப்புவேன். பழக்கம்."

"மத்ததுக்கு?"

"மத்ததைப் பேக்கிங்ல வெட்டுவாங்க. முன்னாடி வெட்டுனாங்க. அந்த டேக் வந்ததிலிருந்து யாரு வெட்டுறா?"

டேக்! பிராண்டு சாரின் தங்க நிற டேக். கம்பெனி பேர் போட்ட சின்ன அட்டை, சாட்டின் நூல். அதைத் திரியில் கட்டித் தொங்கவிடச் சொல்லியிருந்தார். கால் அங்குலத்தில் அட்டை கட்ட முடியாது. அதனால் திரியை வெட்ட வேண்டாம் என்று உத்தரவு. 'க்ராண்ட் லுக்.' பேக்கிங்குக்குப் போய் ஒரு பெட்டியைப் பிரித்தேன். எல்லாமே விரல் நீளத் திரியோடு, கழுத்தில் தாலி மாதிரி டேக்கோடு நின்றன. வாங்குகிறவர் டேக்கைக் கழற்றி எறிவார், திரியை அப்படியே பற்ற வைப்பார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். பிராண்டு சார் அங்கேயே இருந்தார்.

"நான் எதையும் தொடலை சார். நீங்களே இதுல ஒண்ணு எடுங்க. நீங்களே டேக்கைக் கழட்டுங்க. நீங்களே ஏத்துங்க."

"எதுக்குமா இந்த நாடகம்?"

"சாயங்காலம் நடக்கப்போறதும் நாடகம்தான். இது முதல் காட்சி."

முதலாளி ஒன்றை எடுத்து ஏற்றினார். தீ நெட்டையாக எழும்பியது. ஆடியது. நுனியிலிருந்து கறுப்பாக ஒரு நூல் மேலே போனது. அவருடைய டீ சாஸரைத் திருப்பி உயரே பிடித்தேன். நடுவில் கரி வட்டம் விழுந்தது. போட்டோவில் இருந்த அதே வட்டம், சின்ன சைஸ்.

"பாத்தீங்களா! கலப்பட மெழுகு!" என்று பிராண்டு சார் துள்ளினார். அவரைப் போல சந்தோஷமாகத் தன் சரக்கைத் திட்டுகிறவரை நான் பார்த்ததில்லை.

"சரி சார், கலப்படம்னே வச்சுப்போம். இப்போ அணைங்க."

அணைத்தார். மேலே உருகி நின்ற மெழுகு இறுகும்வரை காத்திருந்தோம். திரியின் நுனியில் கரி குடுமி போட்டு நின்றது. கத்தரிக்கோலை முதலாளி கையில் கொடுத்தேன்.

"கால் அங்குலம் விட்டு வெட்டுங்க. கரித் துண்டு மெழுகுல விழாம எடுத்துருங்க. இப்போ திரும்ப ஏத்துங்க."

அதே மெழுகுவத்தி. அதே மெழுகு. தீ குட்டையாக, ஆடாமல், அடக்கமாக நின்றது. புது சாஸர் பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடித்தும் வெள்ளையாகவே இருந்தது.

முதலாளி சாஸரைத் தடவிப் பார்த்தார். "எப்படி?"

"எரியறது திரி இல்ல சார், மெழுகு. திரி அதை உறிஞ்சி மேல கொண்டுபோகுது. அங்க அது ஆவியாகி எரியுது. திரி நீளமா இருந்தா ஆவி ஜாஸ்தி, தீ பெருசு. தீயோட நடுவுக்கு அவ்ளோ காத்து போய்ச் சேராது. எரிய முடியாத கரி அப்படியே வெளிய வருது. அதுதான் புகை, அதுதான் கூரையில ஒட்டுது. வெட்டுனா காத்துக்குத் தகுந்த மெழுகுதான் மேல போகும். முழுசா எரிஞ்சிடும். மெழுகு மேல தப்பே இல்ல."

"ஆனா டேக்..." என்றார் பிராண்டு சார்.

"டேக் எரியலை சார், கவலைப்படாதீங்க."

முதலாளி மைத்துனரைப் பார்த்தார். மனைவியின் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், திட்டவில்லை. என்னிடம் திரும்பினார். "சரி சரி. உன் சித்தியைப் போய் வேலையைப் பாக்கச் சொல்லு."

சொன்னேன். சித்தி ஸ்டூலை விட்டு எழவில்லை.

"திருடின்னு சொன்ன வாயி, இல்லன்னு சொல்லட்டும். வந்து சொல்லட்டும். அப்புறம் ஊத்துறேன்."

கொப்பரையில் மெழுகு ஊற்றும் பதத்துக்கு வந்து நின்றது. அந்தப் பதம் பார்க்க ஃப்ளோரில் வேறு ஆள் இல்லை. ஹோட்டல்காரருக்குப் புதுச் சரக்கு காட்ட வேண்டும். முதலாளியே இறங்கி வந்தார், பின்னாலேயே பிராண்டு சார். அச்சு பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள்.

"மெழுகுல ஒரு குறையும் இல்ல," என்று முதலாளி சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"சுவரு திருடலை சார். நான் இங்க இருக்கேன்," என்றாள் சித்தி.

அவர் திரும்பினார். "நீ எதையும் எடுக்கலம்மா. தப்பு எங்க மேல."

ஒரு மூலையில் யாரோ விசிலடித்தார்கள். சித்தி எழுந்து கரண்டியை எடுத்தாள்.

பிராண்டு சார் உடனே சுதாரித்துக்கொண்டார். பெட்டியோடு சின்ன தங்க நிறக் கத்தரிக்கோல் வைத்து, டேக்கை அதில் கட்டினால் விலையை ஏற்றலாம் என்று ஆரம்பித்தார். முதலாளியின் கண் லேசாக மின்னியதையும் பார்த்தேன். இந்த ஆட்களைத் திருத்தவே முடியாது.

ஆனால் கோடவுனில் இருந்த பெட்டிகளிலுள்ள திரிகளை எல்லாம் சாயங்காலத்துக்குள் வெட்டியாக வேண்டும், பேக்கிங்கில் கை போதவில்லை. சித்தி தன் கத்தரிக்கோலை பிராண்டு சாரிடம் நீட்டினாள்.

"கால் அங்குலம் சார். ரொம்பக் குட்டையா வெட்டிடாதீங்க, உருகுற மெழுகுல முங்கி அணைஞ்சிடும். டேக்கை முதல்ல நீங்களே அவுத்துடுங்க."