மூடிக்குப் பாடு

கம்பெனி அனுப்பும் விவரத் தாளை யார் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆள் வாழ்க்கையில் ஒரு மீன்கூட வாங்கியிருக்க மாட்டார், அது மட்டும் நிச்சயம்.

பழவேற்காடு கடைத்தெருவில், டச்சுக்காரர் கல்லறைக்குப் போகும் திருப்பத்தில் இருக்கிறது தெய்வசிகாமணியின் வீட்டுச் சாமான் கடை. நான் அங்கே நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பெயர் குணசுந்தரி. போன வருடம் சின்ன ஃப்ரீசர் பெட்டி ஆறு வந்து இறங்கியது. மேலே மூடி திறக்கிற வகை, நூறு லிட்டர். மீன் விற்கிற பெண்கள் ஆசையாக வந்து தடவிப் பார்ப்பார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படிப்பார்: "நிகர கொள்ளளவு தொண்ணூத்தெட்டு லிட்டர், இயங்கு மின்னழுத்தம் நூத்தி அம்பதுலேர்ந்து இருநூத்தி அறுபது வோல்ட், உறைய வைக்கும் திறன் இருபத்திநாலு மணி நேரத்துக்கு ஆறு கிலோ." அவர் வோல்டுக்கு வருவதற்குள் அந்தம்மா வாசலுக்குப் போயிருப்பாள். பெட்டி ஆறும் தூசி படிந்து நின்றன.

எனக்குப் பொறுக்கவில்லை. "மொதலாளி, நீங்க படிக்கிறது கரண்ட் ஆபீசுக்குப் புரியும். கோட்டைக்குப்பத்து மீன்காரிங்களுக்குப் புரியாது. நான் எழுதுறேன்" என்றேன்.

"எழுது. ஆனா நீ எழுதுனதுக்கு நீதான் ஜவாப்பு" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து கடை வாசல் பலகையில் எழுதினேன். வோல்ட் என்று இருந்த இடத்தில், "சாயங்காலம் உங்கள் வீட்டு பல்பு மங்குமே, அப்போதும் ஓடும். ஸ்டெபிலைசர் தனியாக வேண்டாம்" என்று போட்டேன். ஒரு நாளைக்கு முக்கால் யூனிட் கரண்ட் என்பதை, "சீலிங் ஃபேன் பத்து மணி நேரம் சுற்றினால் எவ்வளவோ அவ்வளவு" என்று மாற்றினேன். ஆறு கிலோ விஷயத்தை, "பிடித்த மீனை மொத்தமாகக் கொட்டாதீர்கள். தினம் ஆறு கிலோவாகப் போட்டால் கல்லு மாதிரி உறையும்" என்றேன். பெட்டிக்கும் சுவருக்கும் இடைவெளி விட வேண்டும் என்பதை, "சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அதுக்கும் மூச்சு விட இடம் வேண்டும்" என்று எழுதினேன். கடைசி வரியைத்தான் பெரிய எழுத்தில், சிவப்பு மையில் எழுதினேன்: "கரண்ட் போனாலும் பன்னிரண்டு மணி நேரம் மீன் கெடாது."

அந்த வரியைப் பார்த்துத்தான் பச்சையம்மா அக்கா வாங்கினாள். கோட்டைக்குப்பத்துக்காரி, எளாவூர் வரை கூடை தூக்கிப் போய் விற்கிறவள். மகள் மனோரமாவுக்கு ஆரம்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பத்து நாள். மாப்பிள்ளை வீட்டார் வயல்காரர்கள், ஏரி எறாவுக்கு, அதாவது இறாலுக்கு, ஆசைப்பட்டுக் கேட்டு அனுப்பியிருந்தார்கள். காற்றோ ஒரு நாள் வலை போட விடும், இரண்டு நாள் விடாது. கிடைக்கிற அன்றைக்கு வாங்கிச் சேர்த்து வைத்தால்தான் விருந்து.

"குணா, உன் எழுத்த நம்பி எடுத்துனு போறேன். எறா கெட்டுதுன்னா சம்பந்தி வூட்டு முன்னாடி என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" என்றாள்.

"கெடாதுக்கா. நான் ஜவாப்பு" என்றேன், முதலாளி சொன்ன அதே வார்த்தையை எடுத்து.

நிச்சயத்துக்கு முதல் நாளைக்குக் கரண்ட் ஆபீஸ் அறிவிப்பு வந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. எனக்குக் கவலையே வரவில்லை. எட்டு மணி நேரம்தானே, நாம் எழுதியது பன்னிரண்டு. அன்றைக்கு நிம்மதியாகக் கடையைத் திறந்து, வேறு ஒரு வாடிக்கையாளருக்காக அதே விவரத் தாளை எடுத்துப் புரட்டினேன். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம் இருந்தது. தாளின் அடியில் எறும்பு அளவு எழுத்தில், "பெட்டி முழுவதும் நிரம்பி, மூடி ஒருமுறையும் திறக்கப்படாமல், அறை வெப்பம் 32 டிகிரியில்" என்று போட்டிருந்தது.

அதை நான் முன்பே பார்த்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். கம்பெனிக்காரன் தன் தலையைக் காப்பாற்ற எழுதிக்கொண்டது, நம் ஜனங்களுக்கு எதற்கு என்று நான்தான் விட்டுவிட்டேன். கோட்டைக்குப்பத்தில் நிச்சயம் என்றால் முதல் நாளே சொந்தம் எல்லாம் வந்து இறங்கும். வந்தவர்கள் முதலில் கேட்பது மாப்பிள்ளை என்ன வேலை என்று அல்ல, நாளைக்கு என்ன மீன் என்றுதான். கேட்டதும் திறந்து காட்டாவிட்டால் மரியாதை இல்லை. அந்த மூடி எத்தனை முறை திறக்கும் என்று நினைத்ததும் ஸ்கூட்டியை எடுத்தேன். "எங்க போற?" என்று முதலாளி கேட்டது பின்னால் கேட்டது.

நான் போய்ச் சேரும்போது மணி பத்தேகால். பெட்டியைச் சுற்றி பத்துப் பெண்கள். பச்சையம்மாவின் நாத்தனார் முனியம்மா மூடியை அகலத் திறந்து வைத்து, ஒரு பொட்டலம் எறாவை வெளியே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். "பாத்தியா, ஒவ்வொண்ணும் எம்மா நீளம் கீது."

நேரே போய்ப் பொட்டலத்தை வாங்கி உள்ளே வைத்து மூடியை அழுத்தினேன்.

"யாரும்மே நீ? எங்க வூட்டு எறாவ நாங்க பாக்கக் கூடாதா?" என்றாள் முனியம்மா.

பச்சையம்மா சமையல் அடுப்புப் பக்கத்திலிருந்து வந்தாள். நான் மறைக்கவில்லை. "அக்கா, தப்பு என்மேல. பன்னெண்டு மணி நேரம் தாங்குறது நெசம். ஆனா மூடியத் தொறக்காம இருந்தாத்தான். அத எழுதாம விட்டுட்டேன். காலைலேர்ந்து எத்தினி வாட்டி தொறந்தீங்க?"

"நாலு, அஞ்சு இருக்கும்." அவள் முகம் மாறியது. "ஏன்டி, நாளைக்கு இந்நேரம் சம்பந்தி ஜனம் பந்தில உக்காந்துனு இருக்கும். இம்மா நாளா சேத்தது. ஒரே நாள்ல இம்மா எறா எங்க போய் வாங்கறது? எழுதறப்ப பாதிய முழுங்கிட்டு வந்து, இப்ப துப்புறியா?"

அவள் கேட்டது அத்தனையும் நியாயம். அதற்குள் வாசலில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது, பொன்னேரியிலிருந்து பச்சையம்மாவுக்குப் பெரியம்மா முறை ஒருத்தி. இறங்கும்போதே, "இன்னா மீனும்மே?" என்றாள். முனியம்மாவின் கை மூடிக்குப் போனது.

குளிர் காற்று, வெளிச் சூடு என்று என்னவோ விளக்கினேன். மைனஸ் பதினெட்டு டிகிரி என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே முதலாளியின் குரல் என் வாயிலிருந்து வருவது எனக்கே கேட்டது. பெண்கள் என்னைப் பார்த்த பார்வையும் அவரைப் பார்க்கிற பார்வைதான். "ஒரு வாட்டி பாத்தா இன்னா ஆயிடும்?" என்றாள் பெரியம்மா.

வாசலில் பச்சையம்மாவின் கணவர் தேசப்பன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, ஏரில தண்ணி நல்லாத்தான கீது, நீங்க போகல?" என்று கேட்டேன், பேச்சை மாற்றத்தான்.

"இன்னிக்கு என் பாடு இல்லம்மா" என்றார்.

ஏரியில் எறா ஓடுகிற நல்ல இடங்களுக்கு ஊரில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. தன் பாடு இல்லாத நாளில் கண்ணெதிரே எறா துள்ளினாலும் ஒருத்தர் வலை இறக்க மாட்டார். ஏன் என்று சின்னக் குழந்தைகூடக் கேட்காது.

நான் திரும்பிப் பெட்டியின் முன்னால் நின்றேன். "கேட்டுக்கோங்க. கரண்ட் இல்லாத நாள்ல இந்த மூடிக்கு யாருக்கும் பாடு கெடையாது. வூட்டுக்காரிக்கும் இல்ல, நாத்தனாருக்கும் இல்ல. கரண்ட் வந்து ராத்திரி முழுக்க ஓடணும். நாளைக்குக் காலைல பச்சையம்மா அக்காவுக்குத்தான் மொத பாடு."

முனியம்மா மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? டிகிரி, கிகிரின்னு சொல்லினு" என்றாள். பொன்னேரிப் பெரியம்மாகூட, "பாடு இல்லன்னா வேணாம், அப்பால பாத்துக்கலாம்" என்று முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தேசப்பன் எழுந்து வந்து தன் வலையைப் பெட்டியின் மேல் விரித்துக் கட்டினார். நான் கம்பளியும் சாக்கும் கேட்டேன். "கம்பளி போத்துனா சூடாயிடாதா?" என்று ஒருத்தி சிரித்தாள். "ஐஸ் கட்டிய நீங்க எதுல சுத்தி எடுத்துனு போறீங்க?" என்றேன். "சாக்குல." "அதான் இது." அதற்கப்புறம் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போர்த்தினார்கள். கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்கு மூச்சு முட்டும் என்று மட்டும் இரண்டு முறை சொன்னேன். இந்த முறை எதையும் முழுங்கவில்லை.

ஐந்து மணிக்கு வர வேண்டிய கரண்ட் ஆறு இருபதுக்கு வந்தது. நான் அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்கப் பச்சையம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் சோறு மட்டும் வைத்தாள், குழம்பு நிறைய.

மறுநாள் காலை விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். பச்சையம்மா மூடியைத் திறந்தாள். மேலாக இருந்த பொட்டலத்தை எடுத்து அம்மி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். டக்கென்று கல்லுச் சத்தம், உருகி மறுபடி உறைந்த தண்ணீர் ஒரு திட்டுகூட இல்லை. இரண்டாவதும் அப்படியே. அடியில் இருந்ததையும் எடுத்துத் தட்டிப் பார்த்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"போய் மொகம் கழுவிட்டு வா. பேயறைஞ்சாப்ல கீற. இருந்து சாப்ட்டுட்டுதான் போணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

திங்கட்கிழமை பலகையைப் புதிதாக எழுதினேன். முதல் வரியே பெரிய எழுத்தில், சிவப்பு மையில்: "கரண்ட் போனால் மூடிக்குப் பாடு கிடையாது. திறக்காமல் விட்டால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். திறந்தால் நாங்கள் ஜவாப்பு இல்லை." அதன் கீழே, "பெட்டி பாதி காலியாக இருந்தால் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து நிரப்புங்கள்." முதலாளி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "விக்கிற பொருளுக்கு மொத வரிலயே கூடாதுன்னு எழுதுனா எவ வாங்குவா?"

அவர் சொல்லி வாயை மூடவில்லை, ஆரம்பாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓர் அம்மா உள்ளே வந்தாள். மனோரமாவின் வருங்கால மாமியார் திரௌபதி. விருந்தில் மூன்று முறை எறா வாங்கிப் போட்டுக்கொண்டவள். முதலாளி பழக்கதோஷத்தில் மூக்குக்கண்ணாடியை மாட்டித் தாளை எடுத்தார்.

அந்தம்மா அவரைப் பார்க்கவே இல்லை. நேரே என்னிடம் வந்து, "ஏம்மா, பச்சையம்மா வூட்ல வல போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்களாமே, பாடு வெச்ச பொட்டி, அது ஒண்ணு குடு. எங்க வூட்லயும் நாத்தனார் இருக்கா" என்றாள்.